தளத்தை மாற்றியும் பழசே தெரிகிறது: கேஷ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேற்றே தளத்தை மாற்றிவிட்டோம். போனில் இன்னும் பழசுதான் வருகிறது. ஏன்?

உங்கள் போன் அந்தக் கோப்பைச் சேர்வரிடம் கேட்கவே இல்லை, அவ்வளவுதான். முன்பு ஒருநாள் நீங்கள் தளத்தைத் திறந்தபோது சேர்வர் கோப்பை அனுப்பியது, கூடவே "இதை 30 நாள் வைத்திரு, அதுவரை என்னிடம் வந்து கேட்க வேண்டாம்" என்று ஒரு வரியும் சேர்த்து அனுப்பியது. பிரவுசர் சொன்ன சொல் மாறாமல் அதைச் செய்துகொண்டிருக்கிறது. அப்படி எடுத்து வைத்திருக்கிற பிரதிகளின் சேமிப்புத்தான் கேஷ். நீங்கள் நேற்று மாற்றியது சேர்வரில் இருக்கிற கோப்பை. போனுக்குள் இருக்கிற பிரதிக்கு அந்தச் சேதி போய்ச் சேர வழியே கிடையாது, ஏனென்றால் சேர்வர் தானாக எந்தப் போனையும் கூப்பிட்டுச் சொல்லாது. போன் வந்து கேட்டால்தான் பதில்.

பால்மா பக்கற்றில் திகதி அடித்துக் கடைக்கு அனுப்பிய பிறகு, உங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிற பக்கற்றின் திகதியைக் கம்பனி நினைத்தாலும் மாற்ற முடியாது. இதுவும் அப்படித்தான். திகதி கோப்போடு போய்விட்டது.

இப்படித் தொல்லை தருகிற கேஷ் எதற்கு? இல்லாமலே இருக்கலாமே?

இருக்கலாம், ஆனால் உங்கள் டேட்டா பக்கேஜ் தாங்காது. ஒரு சாதாரணக் கடைத் தளத்தில்கூட லோகோ, எழுத்துரு, தோற்றத்தைச் சொல்கிற சி.எஸ்.எஸ்., பக்கத்தை இயக்குகிற ஜாவாஸ்கிரிப்ட், பத்துப் பதினைந்து படங்கள் என்று இருக்கும். கேஷ் இல்லாவிட்டால் ஒவ்வொரு பக்கத்துக்கும் அத்தனையையும் திரும்பத் திரும்ப இறக்க வேண்டும். சேர்வர் சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருந்தால் ஒவ்வொரு கோப்பும் கடல் தாண்டி வர வேண்டும். வெள்ளவத்தையில் பஸ்ஸில் நின்றுகொண்டு இரண்டு கோடு சிக்னலில் திறப்பவருக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

ஆகவே கேஷ் மேல் குற்றம் இல்லை. எந்தக் கோப்பை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்று சொல்லியனுப்பிய ஆள் யோசிக்காமல் சொல்லியனுப்பினார் என்பதுதான் பெரும்பாலும் கதை.

என் போனில் பழைய விலை, தளம் செய்த தம்பியின் லெப்டொப்பில் புது விலை. யார் பார்ப்பது சரி?

இருவர் பார்ப்பதும் சரி. இதற்கு ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் இதைப் பிடித்துக்கொண்டால் மற்றக் கேள்விகள் பாதி தீர்ந்துவிடும்.

வெள்ளவத்தையில் ஒரு கொத்து ரொட்டிக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். தளத்தில் `index.html` என்று ஒரு பக்கம். விலைகள் அதில் இல்லை, `menu.js` என்ற தனிக் கோப்பில் இருக்கின்றன. பக்கம் திறக்கும்போது அந்தக் கோப்பை எடுத்து விலைப்பட்டியலைக் கட்டுகிறது. 2025 ஜூன் 6, வெள்ளி இரவு 9.40க்கு, கோழிக் கொத்தின் விலையை 1100 ரூபாவிலிருந்து 1300 ஆக்கி, புது `menu.js` ஐ அதே பெயரில் ஏற்றியாயிற்று. சனிக்கிழமை `curl` என்ற கட்டளையால் சேர்வரிடம் அந்தக் கோப்பின் தலைப்பு வரிகளை, அதாவது கோப்போடு சேர்த்து அனுப்புகிற குறிப்புகளை, கேட்டால் இப்படி வருகிறது:

```
$ curl -I https://example.com/js/menu.js
HTTP/2 200
last-modified: Fri, 06 Jun 2025 16:10:22 GMT
etag: "684312ee-1a2c"
cache-control: max-age=2592000
```

`last-modified` வரியில் நேரம் 16:10 என்று இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது ஜி.எம்.டி. நேரம், நமக்கு ஐந்தரை மணித்தியாலம் கூட்ட வேண்டும், அப்போது இரவு 9.40 சரியாக வரும். அதாவது சேர்வரில் புதுக் கோப்பு ஏறிவிட்டது, அதில் சந்தேகம் இல்லை. வினை கடைசி வரியில் இருக்கிறது. 2592000 என்பது செக்கன் கணக்கு, நாளாக்கினால் 30.

இப்போது சனிக்கிழமை மத்தியானம் மூன்று பேர் தளத்தைத் திறக்கிறார்கள். முதலாமவர் மே 28ஆம் திகதி ஒருமுறை திறந்திருக்கிறார். அவருடைய போனில் இருக்கிற `menu.js` க்கு ஜூன் 27 வரை ஆயுள் இருக்கிறது, எனவே போன் யாரையும் கேட்காமல் 1100 என்று காட்டுகிறது. இரண்டாமவர் கடைசியாக வந்தது மே 5ஆம் திகதி. அவருடைய பிரதியின் ஆயுள் ஜூன் 4ஆம் திகதியே முடிந்துவிட்டது, எனவே பிரவுசர் சேர்வரிடம் போய்க் கேட்கிறது, 1300 வருகிறது. மூன்றாமவர் இன்றுதான் முதல் தடவை வருகிறார். அவரிடம் பழசே இல்லை, நேராக 1300.

அடிக்கடி வந்துபோகிற நல்ல வாடிக்கையாளருக்குத்தான் பழைய விலை தெரியும், எப்போதாவது வருகிறவருக்குப் புதுசு தெரியும். கடை முதலாளியும் தன் தளத்தை அடிக்கடி திறந்து பார்க்கிறவர்தானே, அதனால்தான் அவர் போனில் பழசு. தளம் செய்கிற தம்பி தன் லெப்டொப்பில் வேலை செய்யும்போது கேஷை நிறுத்தி வைத்திருப்பார், அவருக்கு எப்போதும் புதுசுதான் வரும். "எனக்குச் சரியாத்தானே வருது அண்ணை" என்று அவர் சொல்வது பொய் இல்லை, ஆனால் அந்த பதிலால் ஒரு பிரயோசனமும் இல்லை.

அந்த 30 நாள் முடிந்ததும் பழைய பிரதியை அழித்துவிடுமா?

இல்லை. ஆயுள் முடிந்த பிரதி அப்படியே கிடக்கும், ஆனால் அதைக் காட்ட முன் பிரவுசர் ஒருதடவை சேர்வரிடம் விசாரிக்கும். "என்னிடம் இந்த அடையாளமுள்ள பிரதி இருக்கிறது, இன்னும் அதுதானா?" என்று கேட்கும். மேலே `etag` என்று ஒரு வரி வந்ததே, அதுதான் அந்த அடையாளம். கோப்பு மாறாவிட்டால் சேர்வர் `304 Not Modified` என்று ஒரு சின்னப் பதில் அனுப்பும், கோப்பை அனுப்பாது. மாறியிருந்தால் `200` என்று சொல்லிப் புதுக் கோப்பை முழுதாக அனுப்பும்.

இந்த விசாரிப்பு மிகவும் மலிவானது, சில நூறு பைட் போய்வரும், அவ்வளவுதான். அடுத்து வரப்போகிற தீர்வு இதில்தான் தங்கியிருக்கிறது, ஆகவே இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் அப்படி எந்தக் காலமும் குறிப்பிடவில்லை. வெறும் எச்.டி.எம்.எல். கோப்புதான். அதுவும் பழசாக வருகிறதே?

ஒன்றும் சொல்லாமல் விட்டால் கேஷ் ஆகாது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. சேர்வர் காலம் சொல்லாவிட்டால் பிரவுசர் தானே ஒரு காலத்தை ஊகிக்கலாம் என்று எச்.டி.டி.பி. விதியிலேயே இருக்கிறது. வழக்கமான கணக்கு, கோப்பு கடைசியாக மாறி எவ்வளவு காலம் ஆகிறதோ அதில் பத்தில் ஒன்று. ஒரு கோப்பை 100 நாளாகத் தொடவில்லை என்றால், இன்று அதை எடுக்கிற பிரவுசர் ஏறக்குறைய 10 நாளைக்கு நம்பி வைத்துக்கொள்ளும்.

இதனால்தான் நீண்டகாலம் கவனிக்காமல் கிடந்த தளத்தை மாற்றும்போது இந்தப் பிரச்சினை அதிகமாக வருகிறது. நேற்று மாற்றிய கோப்பை இன்று மறுபடி மாற்றினால் ஊகம் இரண்டரை மணித்தியாலத்துக்கு உள்ளேதான் வரும், யாரும் கவனிக்க மாட்டார்கள். இரண்டு வருடமாக அப்படியே கிடந்த பக்கம் என்றால் இரண்டு மாதத்துக்கு மேல் போகலாம். சொல்லாமல் விடுவதும் ஒரு முடிவுதான், அதைப் பிரவுசர் எடுக்கும்.

ரீலோட் பண்ணிப் பார்த்தேன், பத்துத் தரம் பண்ணினேன், மாறவில்லை.

குரோமில் சாதாரண ரீலோட் (அல்லது போனில் மேலிருந்து கீழே இழுப்பது) பக்கத்தின் எச்.டி.எம்.எல்லை மட்டும்தான் சேர்வரிடம் விசாரிக்கும். அந்தப் பக்கம் கூப்பிடுகிற சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட், படங்கள் எல்லாவற்றுக்கும் ஆயுள் இருந்தால் அவற்றைக் கேட்காமல் உள்ளேயிருந்தே எடுக்கும். நம் கொத்துக் கடையில் விலை `menu.js` இல் இருக்கிறது, எனவே நூறு தரம் இழுத்தாலும் 1100 தான்.

கணினியில் `Ctrl+Shift+R` அடியுங்கள், மக்கில் `Cmd+Shift+R`. அது எல்லாவற்றையும் கேஷைத் தாண்டிச் சேர்வரிடமே கேட்கும். அதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது: பக்கம் திறந்து முடிந்த பிறகு ஸ்கிரிப்ட் மெதுவாக இழுத்து எடுக்கிற கோப்புகளுக்கு இது செல்லாமல் போகலாம். அப்படிச் சந்தேகம் வந்தால் `F12` அடித்து அந்தச் சாளரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பிரவுசரின் ரீலோட் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். `Empty Cache and Hard Reload` என்று ஒரு தெரிவு வரும். `F12` திறந்திருந்தால் மட்டுமே அது வரும்.

அதே `F12` இல் `Network` பகுதிக்குப் போய்ச் சாதாரணமாக ரீலோட் செய்தால் ஒவ்வொரு கோப்புக்கும் எதிரே `Size` என்ற நிரலில் அளவு இருக்கும். அங்கே `(disk cache)` அல்லது `(memory cache)` என்று இருந்தால் அந்தக் கோப்பு இணையத்திலிருந்து வரவில்லை. எந்தக் கோப்பு பழசு என்று ஊகித்துக்கொண்டு இருக்காமல் கண்ணாலேயே பார்த்துவிடலாம். அதற்குப் பக்கத்தில் `Disable cache` என்று ஒரு பெட்டி இருக்கிறது. தளம் செய்கிறவர்கள் அதைச் சரி போட்டே வைத்திருப்பார்கள், வேலை செய்யும்போது வசதிதான், ஆனால் வாடிக்கையாளர் பார்ப்பதை அவர்கள் ஒருநாளும் பார்ப்பதில்லை என்பதும் அதனால்தான்.

புது எழுத்து வந்துவிட்டது, ஆனால் பக்கம் முழுக்கக் குலைந்து கிடக்கிறது. இதுவும் கேஷா?

பெரும்பாலும் ஆம், முழுதும் பழசாக இருப்பதைவிட இது மோசம். ஒரு பக்கம் என்பது ஒரே கோப்பு இல்லை, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆயுள். எச்.டி.எம்.எல். புதுசாக வந்து, அதில் விலை அட்டைக்கு நீங்கள் வைத்த புது வகுப்புப் பெயர் பழைய சி.எஸ்.எஸ்ஸில் இல்லாவிட்டால், பிரவுசருக்கு அதை எப்படி அடுக்குவது என்று தெரியாது. படம் பக்கத்தை விட்டு வெளியே போகும், மெனு ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஜாவாஸ்கிரிப்ட் என்றால் இன்னும் மோசம், பழைய ஸ்கிரிப்ட் தேடுகிற பொத்தான் புதுப் பக்கத்தில் இல்லை, அந்த இடத்தில் பிழை விழுந்து மிச்சமும் ஓடாமல் நின்றுவிடும். "ஓர்டர் பட்டன் வேலை செய்யவில்லை" என்று வருகிற முறைப்பாடுகளில் இந்த வகையும் உண்டு. அவருடைய போனை வாங்கிப் பார்க்காமல் கண்டுபிடிப்பது கஷ்டம்.

கேஷை அழித்தால் என் பாஸ்வேர்ட், லொகின் எல்லாம் போய்விடுமா?

சரியான பெட்டியை மட்டும் தெரிவு செய்தால் போகாது. ஆன்ட்ரொய்ட் குரோமில் மூன்று புள்ளி, பிறகு `Delete browsing data`. பெட்டிகள் தெரியாவிட்டால் `More options` ஐத் தொடுங்கள். அங்கே பார்த்த வரலாறு, குக்கி, `Cached images and files` எல்லாம் தனித்தனியாக இருக்கும். `Cached images and files` ஐ மட்டும் வைத்துவிட்டு மற்றவற்றின் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். காலத்தை `All time` என்று மாற்றுங்கள். லொகின் குக்கியில்தான் இருக்கிறது, அதைத் தொடாவிட்டால் எங்கும் திரும்ப உள்நுழைய வேண்டியிருக்காது.

இழப்பு ஒன்றே ஒன்று: எல்லாத் தளங்களின் சேமித்த கோப்புகளும் போய்விடும், எனவே அடுத்த ஓரிரு நாள் எல்லாமே கொஞ்சம் மெதுவாகத் திறக்கும், டேட்டாவும் கொஞ்சம் கூடப் போகும். ஒரு கொத்து ரொட்டி விலையைப் பார்க்க இவ்வளவு செய்ய வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம். தனிப்பட்ட சாளரத்தில், அதாவது இன்கொக்னிட்டோவில், தளத்தைத் திறந்து பாருங்கள். அது வெறும் கேஷோடு தொடங்குவதால் சேர்வரில் இருப்பதுதான் வரும். அங்கே புதுசும் சாதாரணச் சாளரத்தில் பழசும் தெரிந்தால், பிரச்சினை உங்கள் போனில் இருக்கிற பிரதிதான் என்று உறுதி. ஆனால் இதனால் சாதாரணச் சாளரத்தின் பழைய பிரதி போகாது, இது சோதனை மட்டுமே.

கேஷை அழித்தேன், இன்கொக்னிட்டோவிலும் பார்த்தேன். அப்போதும் பழசு!

அப்படியென்றால் பழசு உங்கள் போனில் இல்லை, வழியில் வேறெங்கோ இருக்கிறது. இங்கேதான் மேலே காட்டிய `curl` உதவும். அதற்குச் சொந்தமாக ஒரு கேஷும் கிடையாது, சேர்வர் பக்கம் என்ன கொடுக்கிறதோ அதை அப்படியே காட்டும். விண்டோஸ் 10, 11 இல் ஏற்கெனவே இருக்கிறது. பவர்ஷெல்லில் `curl.exe` என்று முழுதாக அடியுங்கள்.

```
curl.exe -s https://example.com/js/menu.js
```

இதில் 1300 வந்தால் சேர்வர் பக்கம் சரி. 1100 வந்தால் பின்பக்கம் பார்க்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது சிடிஎன். கிளவுட்ஃப்ளேர் மாதிரி ஒன்றைப் பயன்படுத்தினால் உங்கள் சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட், படங்களின் பிரதிகள் உலகம் முழுக்க அவர்களுடைய நிலையங்களில் இருக்கும். `-I` போட்டுத் தலைப்பு வரிகளைப் பாருங்கள்:

```
age: 41200
cf-cache-status: HIT
cf-ray: 94b1f0c2de7a3e55-CMB
```

`HIT` என்றால் உங்கள் சேர்வரை யாரும் தொடவில்லை, நிலையத்திலிருந்த பிரதிதான் வந்தது. `age` என்பது அந்தப் பிரதி எடுத்து எத்தனை செக்கன் ஆயிற்று என்பது. 41200 என்றால் பதினொன்றரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு, ஆகவே அதற்குப் பிறகு நீங்கள் ஏற்றியது அதில் இருக்க முடியாது. கடைசியில் இருக்கிற `CMB` கொழும்பு நிலையத்தின் குறியீடு, விமான நிலையத்துக்கு இருக்கிற அதே மூன்று எழுத்து. சில இணைப்புகளில் அங்கே சிங்கப்பூரின் `SIN` வரலாம். ஒவ்வொரு நிலையத்திலும் தனித்தனிப் பிரதி இருக்கலாம் என்பதால், டொரொன்டோவில் இருக்கிற அக்கா "எனக்குப் புதுசு வருதே" என்று சொல்ல, கொழும்பில் முழுக் குடும்பமும் பழசைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

கட்டுப்பாட்டுப் பலகத்தில் `Purge Cache` என்று இருக்கும். கோப்பின் முகவரியைக் கொடுத்து அழித்துவிடலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: பேர்ஜ் செய்வது நிலையங்களில் இருக்கிற பிரதிகளை மட்டும்தான் அழிக்கும், வாடிக்கையாளரின் போனுக்குள் ஏற்கெனவே போனதை அதுவும் தொடாது.

சிடிஎன் இல்லை என்றால், வேர்ட்பிரஸ் மாதிரித் தளங்களில் பக்கத்தையே தயாராகக் கட்டி வைக்கிற கேஷ் பிளகின் ஒன்று இருக்கும், அதைக் காலியாக்குங்கள். அதுவும் இல்லையா? கோப்பை உண்மையிலேயே சரியான கோப்புறைக்குத்தான் ஏற்றினீர்களா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், `public_html` க்கு வெளியே ஏற்றிவிட்டு இரவு முழுக்கக் கேஷைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் இருக்கிறார்கள்.

வருகிற ஒவ்வொருவரிடமும் கேஷை அழியுங்கள் என்று சொல்ல முடியாதே. நிரந்தரமாக என்ன செய்வது?

சொல்லவே கூடாது. யாரும் செய்யவும் மாட்டார்கள். செய்ய வேண்டியது கோப்பின் பெயரை மாற்றுவது. பிரவுசர் பிரதியை முழு முகவரியை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது, முகவரியில் ஓர் எழுத்து மாறினாலும் அதற்கு அது கேள்விப்படாத கோப்பு, சேர்வரிடம் கேட்டே ஆக வேண்டும். எனவே `index.html` இல் ஸ்கிரிப்டைக் கூப்பிடுகிற வரியை இப்படி மாற்றுங்கள்:

```
<script src="/js/menu.js?v=20250607"></script>
```

கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதைச் சேர்வர் கணக்கெடுக்காது, அதே `menu.js` ஐத்தான் கொடுக்கும். ஆனால் மே 28ஆம் திகதிக்காரருடைய போனுக்கு இது புது முகவரி, எனவே போய் எடுக்கும், 1300 வரும். அவர் ஒன்றுமே அழிக்கவில்லை. அடுத்த தடவை விலை மாறும்போது அந்த எண்ணையும் மாற்ற வேண்டும், மறந்தால் திரும்பவும் பழைய கதைதான். தளத்தைக் கட்டுகிற கருவிகள், வீட் மாதிரி, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தே ஒரு குறியீட்டைக் கணித்துப் பெயரில் சேர்த்துவிடும். உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் பெயர் மாறிவிடும், ஆள் மறக்க வாய்ப்பே இல்லை. முடிந்தால் அதுதான் நல்லது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. புதுப் பெயர் எங்கே எழுதியிருக்கிறது? `index.html` இல். அந்த `index.html` உம் போனில் பழசாக இருந்தால் புதுப் பெயரை யாருமே பார்க்க மாட்டார்கள். எனவே எச்.டி.எம்.எல். மட்டும் ஒவ்வொரு தடவையும் விசாரிக்கப்பட வேண்டும், மற்றவை எவ்வளவு காலமும் கிடக்கலாம். சாதாரண ஹோஸ்டிங் என்றால் `.htaccess` கோப்பில் இதைப் போடுங்கள்:

```
<FilesMatch "\.html$">
  Header set Cache-Control "no-cache"
</FilesMatch>
<FilesMatch "\.(css|js)$">
  Header set Cache-Control "max-age=31536000"
</FilesMatch>
```

`no-cache` என்றால் பிரதி வைத்துக்கொள்ளலாம், ஆனால் காட்ட முன் ஒவ்வொரு தடவையும் சேர்வரிடம் கேட்க வேண்டும். மேலே சொன்ன 304 விசாரிப்பு, சில நூறு பைட், அதுதான் செலவு. வைக்கவே கூடாது என்று சொல்ல `no-store` என்று வேறொன்று இருக்கிறது, அது வங்கிக் கணக்குப் பக்கம் மாதிரி இடங்களுக்கு. பயத்தில் எல்லாவற்றுக்கும் அதைப் போட்டுவிடாதீர்கள், ஒவ்வொரு வருகைக்கும் முழுக் கோப்பும் இறங்கும்.

31536000 என்பது ஒரு வருடம். அவ்வளவு நீளமாக வைக்கத் தைரியம் வருவது பெயர் மாறும் என்பதால்தான். பெயரை மாற்றும் பழக்கம் இல்லாமல் இந்த வரியை மட்டும் எங்கிருந்தோ நகலெடுத்துப் போட்டால், உங்களுக்கு 30 நாள் பிரச்சினை போய் 365 நாள் பிரச்சினை வரும். படங்களை மேலே வேண்டுமென்றே சேர்க்கவில்லை, ஏனென்றால் `logo.png` ஐ அதே பெயரில் மாற்றி ஏற்றுவதுதான் எல்லோருடைய வழக்கம். புது லோகோ என்றால் `logo-2025.png` என்று புதுப் பெயரில் ஏற்றுங்கள், வேலை முடிந்தது.

கோப்புகளை ஏற்றுகிற ஒழுங்கு முக்கியமா?

முக்கியம். முதலில் புது சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட், படங்கள். அவை ஏறி முடிந்த பிறகு கடைசியாக எச்.டி.எம்.எல். தலைகீழாகச் செய்தால், இடைப்பட்ட ஒரு நிமிடத்தில் வருகிறவர் `menu.js?v=20250607` என்று புது முகவரியில் பழைய உள்ளடக்கத்தை வாங்கிப் போய்விடுவார், அதை ஒரு வருடத்துக்குப் பத்திரமாக வைத்தும் இருப்பார். நடுவில் சிடிஎன் இருந்தால் அந்த ஒருவர் வாங்கியது அங்கேயும் பதிந்து, அந்த நிலையத்துக்கு வருகிற எல்லோருக்கும் போகும்.

பெயரிலேயே குறியீடு இருக்கிற வகை என்றால் பழைய கோப்புகளையும் உடனே அழிக்க வேண்டாம், சில நாள் அப்படியே கிடக்கட்டும். காலையில் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு மத்தியானம் திரும்பி வந்து ஏதாவது அழுத்துகிறவருடைய பக்கம் பழைய பெயரைத்தான் கேட்கும். கோப்பு இல்லாவிட்டால் 404.

தளம் சரியாகிவிட்டது, ஆனால் வாட்ஸ்அப்பில் லிங்க் போட்டால் பழைய படம் வருகிறது.

அது உங்கள் பிரவுசரின் கேஷ் இல்லை, லிங்க்குக்கு முன்னோட்டம் கட்டுகிற செயலி தனியாக வைத்திருப்பது. ஏற்கெனவே அனுப்பிய செய்திகளில் மாறவே மாறாது. புதிதாக அனுப்பும்போது லிங்க்கின் கடைசியில் `?a=1` என்று ஏதாவது சேர்த்தால் பெரும்பாலும் புதுசாகப் போய் எடுக்கும். காரணம் மேலே சொன்னதுதான், முகவரி மாறிவிட்டது.

தெரியாமல் எச்.டி.எம்.எல்லுக்கே ஒரு வருடம் போட்டு விட்டோம். இரண்டு மாதம் ஆகிறது. இனி?

முதலில் இப்போதே `no-cache` என்று மாற்றுங்கள், இனி வருகிறவர்களாவது தப்புவார்கள். ஏற்கெனவே வாங்கிப் போனவர்களின் போனுக்கு நீங்களாகப் போக வழி இல்லை, அவர்களாக வந்து கேட்கும் சந்தர்ப்பங்களைத்தான் நம்ப வேண்டும். அப்படிச் சில இருக்கின்றன. அவர் பக்கத்தை ஒருதடவை ரீலோட் செய்தால் எச்.டி.எம்.எல். விசாரிக்கப்படும் என்று சொன்னோம் அல்லவா, அப்போது புது எச்.டி.எம்.எல்லும் அதோடு புதுத் தலைப்பு வரியும் போய்ச் சேரும், அந்த ஆளுக்குப் பிரச்சினை அதோடு தீர்ந்தது. போனில் இடம் குறைந்து பிரவுசர் தானாகவே பழையவற்றைத் தள்ளிவிடுவதும் உண்டு.

பழைய பக்கம் ஏதாவது கோப்பைச் சேர்வரிடம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தால், உதாரணமாக ஓர்டர் அனுப்புகிற முகவரி, அந்தப் பதிலோடு `Clear-Site-Data: "cache"` என்ற தலைப்பு வரியை அனுப்பிப் பார்க்கலாம். அதை ஏற்கிற பிரவுசர் உங்கள் தளத்தின் கேஷை மட்டும் காலியாக்கும். எல்லாப் பிரவுசர்களும், அதுவும் பழைய பதிப்புகள், ஏற்கும் என்று எண்ண வேண்டாம்.

மிச்சப் பேருக்கு முகவரியை மாற்றுங்கள். முகப்புப் பக்கத்தின் முகவரியை மாற்ற முடியாது, ஆனால் நீங்கள் பரப்புகிற லிங்க்கை மாற்றலாம்: முகநூலில், வாட்ஸ்அப் குழுவில், மேசையில் ஒட்டியிருக்கிற கியூஆர் குறியீட்டில் எல்லாம் `example.com/menu` என்று புதுப் பக்கத்தைக் கொடுங்கள். கியூஆர் ஸ்டிக்கரைத் திரும்ப அச்சடிப்பது செலவுதான், ஆனால் கடைக்குள் இருந்து ஸ்கேன் செய்கிறவரிடம்தான் பழைய விலையைக் காட்டி வாக்குவாதம் வரும், எனவே அதை முதலில் மாற்றுங்கள்.